வரவு வேறு, சம்பளம் வேறு

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் எங்கள் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். போன வாரம் அங்கே ஒரு விவாதம். ஒருவர், "என் பேரன் யூடியூபில் மாசம் அறுபதாயிரம் சம்பாதிக்கிறான்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "போன்ல மூஞ்சியைக் காட்டுறது ஒரு வேலையா? ஒழுங்கா சர்வீஸ் கமிஷன் பரிட்சை எழுதச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேரோடும் நான் சண்டை பிடித்துவிட்டேன். அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் எழுத்தனாக இருந்தவன் நான். அதில் பாதிக்குமேல் சம்பளப் பட்டியல் போடும் வேலை. சம்பளம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் இவ்வளவு வரும் என்று மாத முதல் நாளே தெரிந்த தொகைக்குத்தான் சம்பளம் என்று பெயர். வீடியோ போடுகிறவனுக்கு வருவது வரவு. அது ஒரு மாதம் கொழிக்கும், ஒரு மாதம் வற்றும். அதைச் சம்பளம் என்று நம்புவதுதான் வீட்டைக் கவிழ்க்கிறது. பெருமை பேசுகிறவரும் கேலி பேசுகிறவரும் இந்த ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒருவர் அதைச் சம்பளம் என்று எண்ணி மகிழ்கிறார், மற்றவர் அது சம்பளம் இல்லையே என்று இளக்காரம் செய்கிறார்.

என் தங்கையின் பேரன் கதையைச் சொல்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி பழுது பார்ப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறான். போன நிதியாண்டில் அவன் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையை மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் 18,000, மே 20,000, ஜூன் 22,000, ஜூலை 25,000, ஆகஸ்டு 19,000, செப்டம்பர் 21,000, அக்டோபர் 30,000, நவம்பர் 46,000, டிசம்பர் 41,000, ஜனவரி 32,000, பிப்ரவரி 13,000, மார்ச் 13,000. மொத்தம் மூன்று லட்சம். சராசரி மாதம் 25,000.

நவம்பரிலும் டிசம்பரிலும் வந்ததைப் பார்த்த அவன் அப்பா, அதாவது என் தங்கை மகன், "மாசம் நாற்பதாயிரம் வருது மாமா" என்று சொல்லிப் பொங்கலுக்குப் பழைய கார் ஒன்றைக் கடனில் எடுத்துவிட்டான். மாதத் தவணை 9,800. பிப்ரவரியில் வந்தது 13,000. தவணை போக மிச்சம் 3,200. தங்கை என் வீட்டுக்கு வந்து, "என்ன அண்ணா இது, திடீர்னு பணம் நின்னு போச்சு" என்று அழுதாள்.

பணம் நிற்கவில்லை. கணக்கு தெரியாததுதான் காரணம். நம் ஊரில் தீபாவளியை ஒட்டிக் கம்பெனிகள் விளம்பரத்துக்கு நிறையச் செலவு செய்கின்றன. வருஷக் கடைசி வரை அந்த வேகம் இருக்கும். ஜனவரி பிறந்ததும் விளம்பரக் கட்டணம் சரியும். அதே எண்ணிக்கையில் ஆட்கள் பார்த்தாலும் வருமானம் குறையும். இது ஒன்று.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஒரு மாதம் சம்பாதித்த பணம் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல்தான் அனுப்பப்படும். அப்படியானால் ஜனவரியில் கைக்கு வந்த 32,000 டிசம்பர் மாத உழைப்பு. கார் வாங்கக் கையெழுத்துப் போட்ட அன்றே வருமானம் விழ ஆரம்பித்துவிட்டது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்தவனுக்கு அது தெரியாது. யூடியூபின் கணக்குப் பக்கத்தில் அன்றாட மதிப்பீடு வரும், அதைப் பார்த்த பேரனுக்குத் தெரியும். ஆனால் பேரனை யாரும் கேட்கவில்லை.

பணம் டாலரில் கணக்காகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு டாலர் சேராத மாதம் ஒன்றுமே வராது, அடுத்த மாதத்தோடு சேரும். நம் புதுவையில் சொல்தா வீட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். பிரெஞ்சுப் பென்ஷன் அங்கே மாறாவிட்டாலும், மாற்று விகிதம் மாறினால் இங்கே கையில் விழும் ரூபாய் மாறும் என்று அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே பார்த்தவர்கள்.

பிறகு நான் செய்தது மிகச் சாதாரணமான குமாஸ்தா வேலை. பேரனுக்கு இரண்டு கணக்கு வைத்தேன். யூடியூப் பணம், கடைக்காரர்கள் தரும் பணம் எல்லாம் முதல் கணக்கில் விழும். அதற்கு ஏ.டி.எம். அட்டை கிடையாது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அங்கிருந்து இரண்டாவது கணக்குக்கு ஒரே தொகை போகும். அதுதான் வீட்டுக்குச் சம்பளம்.

அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது? சராசரியான 25,000 என்று வைத்தால் முழுகிவிடுவோம். பன்னிரண்டு மாதத்தில் மிகக் குறைந்த ஆறு மாதங்களை எடுத்தேன். 13, 13, 18, 19, 20, 21. கூட்டினால் 1,04,000. ஆறால் வகுத்தால் பதினேழாயிரத்துச் சொச்சம். ஆக, சம்பளம் 17,000. இணையம், விளக்கு, உதிரிப் பொருள் செலவுக்கு மாதம் 2,000. வருஷத்துக்கு 2,28,000 போனால் மிச்சம் 72,000. அது நாலு மாதச் சம்பளத்துக்குச் சற்று அதிகம். ஆறு மாதச் சம்பளம் சேரும்வரை சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறைதான் இன்கிரிமெண்ட், அதுவும் கடந்த பன்னிரண்டு மாதத்தை மறுபடி கணக்கிட்ட பிறகு. கார் திரும்பப் போய்விட்டது. கொஞ்சம் நஷ்டத்தோடுதான்.

கேலி பேசிய நண்பருக்கு இப்போது வருகிறேன். "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

இந்தப் பையன் முதலில் இருந்தது டிக்டாக்கில். பாட்டுக்கு வாயசைத்து பதினைந்து விநாடி வீடியோ. ஏகப்பட்ட பேர் பின்தொடர்ந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. மறுநாள் கூட்டமும் இல்லை, பேரும் இல்லை. போனில் இடமில்லை என்று மூல வீடியோக்களை அவ்வப்போது அழித்திருந்தான். இரண்டு வருஷ வேலை செயலிக்குள்ளேயே போய்விட்டது. நாங்கள் பைலுக்கு அலுவலகப் பிரதி வைக்காமல் கடிதம் அனுப்பியதே கிடையாது. இப்போது அவனிடம் எல்லா மூலமும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஒன்று என் வீட்டு அலமாரியில்.

எனக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். வேலைக்குச் சேர்ந்தபோது மேசைமேல் இருந்த கோப்புகள் ஆங்கிலத்தில். வகுப்பில் முதலாவதாக வந்தவன், 'with reference to' என்று ஒரு வரி எழுதத் தடுமாறினேன். படித்த மொழி அலுவலகத்தில் செல்லாக்காசு. ஆனால் அந்தப் பள்ளியில் ரெஸ்யுமே என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு பக்கத்தைப் பொருள் கெடாமல் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். ஒரு சொல் கூடினால் மெஸ்யே சிவப்பு மையில் அடிப்பார். அந்தப் பழக்கம் எந்த மொழிக்குப் போனாலும் கூட வந்தது. இருபது பக்கக் கோப்பை அரைப் பக்கக் குறிப்பாக்க என்னைத் தேடி வந்தார்கள். மொழி போயிற்று, வித்தை நின்றது.

வாயசைப்பு டிக்டாக்கோடு செத்தது. மிக்ஸி பழுது பார்க்க ஒரு மெக்கானிக்கிடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து கற்றது சாகாது. அதைத்தான் அவன் இப்போது விற்கிறான். அதிலும் நான் ஒரு திருத்தம் செய்தேன். எந்த விநாடியில் எத்தனை பேர் பார்ப்பதை விட்டுப் போகிறார்கள் என்று யூடியூப் கோடு போட்டுக் காட்டுகிறது. அவன் வீடியோவில் முதல் நாற்பது விநாடி வணக்கம், நலம் விசாரிப்பு, சானலுக்கு ஆதரவு தாருங்கள். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். ரெஸ்யுமே சொல்லிக் கொடுத்தேன். இப்போது எடுத்த எடுப்பில், "மோட்டார் ஓடுது, பிளேடு சுத்தலையா? அடியில இருக்கிற கப்ளர் தேஞ்சிருக்கும்" என்கிறான். வீடியோ எடுக்கும் முன் ஒரு பக்கம் எழுதுகிறான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொள்கிறான். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு இரைச்சலாக இருந்தால் பொறுக்க மாட்டார்கள்.

பழுது பார்க்கத் தெரியும். ஒரு விஷயத்தை வரிசையாகச் சொல்லத் தெரியும். ஒலி சுத்தமாகப் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் தெரியும். நாளைக்கு யூடியூபும் மூடினால் இவை அவனோடு வரும். இப்போதே ஒரு பாத்திரக்கடைக்கு வீடியோ எடுத்துத் தந்து மாதம் நாலாயிரம் வாங்குகிறான். பழுது பார்க்க வீடு தேடி வருகிறவர்கள் வேறு. சந்தாதாரர் எண்ணிக்கை கூட வராது, அது வாடகை வீட்டுச் சுவரில் அடித்த வர்ணம்.

இதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாருக்கும் இது சரிப்படாது. நீள வீடியோ போடுகிறவனுக்கு விளம்பர வருமானம் பெறும் தகுதிக்கே ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். அங்கே போய்ச் சேராதவர்கள் ஏராளம். என் தங்கை பேரனுக்கும் இரண்டு வருஷம் ஒரு பைசா வரவில்லை, மெக்கானிக் கடைக் கூலிதான் சோறு போட்டது. "மூன்றே மாதத்தில் லட்சம்" என்று கட்டணம் வாங்கி வகுப்பு எடுக்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, கடற்கரை நண்பர்களே, பேரன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று கேட்பதை விடுங்கள். போன வருஷம் மிகக் குறைந்த மாதம் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இந்தச் செயலி நாளைக்கு இல்லையென்றால் உன்னை எவன் கூலிக்கு அழைப்பான், எதற்கு என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் சர்வீஸ் கமிஷன் பரிட்சை எழுது என்று நச்சரிக்காதீர்கள். பதில் இல்லையென்றால் அறுபதாயிரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.