வழித்தடம் வீண் என்பவர்களுக்கு

2025 ஜனவரியில் கூகுள் தன் மொபைல் தேடல் முடிவுகளில் வழித்தட வரியைக் காட்டுவதை நிறுத்தியது. அதை வைத்து, தளத்திலிருந்தே அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்று வாதிடுகிறார்கள். நிறுத்தப்பட்டது மொபைலில் காட்டுவது மட்டும்தான். கணினித் தேடலில் அது அப்படியே இருக்கிறது. உங்கள் பக்கத்துக்குள் அது செய்யும் வேலையும் மாறவில்லை.

ஒரு சமையல் தளத்தைப் பாருங்கள். தேடலிலிருந்து நேராக வத்தக்குழம்புக் குறிப்பில் வந்து இறங்குபவர் முகப்பைப் பார்த்ததே இல்லை. மேலே ‘முகப்பு › சமையல் › குழம்பு’ என்றிருந்தால், ஒரே தட்டலில் மற்ற குழம்புகளுக்குப் போய்விடுவார். எல்லாக் குழம்புக் குறிப்புகளும் அந்த ஒரு பட்டியல் பக்கத்தைச் சுட்டுவதால், அதுதான் அவற்றின் தாய்ப்பக்கம் என்பது கூகுளின் நிரலுக்கும் புரிகிறது.

‘அதற்குத்தான் தொடர்புடைய பதிவுகள் இருக்கின்றனவே’ என்கிறார்கள். பல தளங்களில் அந்தத் தலைப்பின் கீழ் வருவது கடைசியாக வெளியான ஐந்து பதிவுகள். வத்தக்குழம்புக்குக் கீழே கேக் குறிப்பு வந்தால் யார் தட்டுவார்கள்? அதைவிட மோசம், ‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்தினால் மட்டும் இணைப்புகளை ஏற்றுவது. கூகுளின் நிரல் பொத்தானை அழுத்தாது. இணைப்பு பக்கத்திலேயே இப்படி இருக்க வேண்டும்:

```
<a href="/samayal/kuzhambu/">குழம்பு</a>
```

சந்தேகமிருந்தால் சர்ச் கன்சோலில் பக்க முகவரியைக் கொடுத்து, கூகுள் பெற்ற எச்டிஎம்எல்லைத் திறந்து இந்த வரியைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், அந்த இணைப்பு கூகுளுக்கும் இல்லை.