தகட்டில் மூன்று கிலோவாட், மீட்டரில் எவ்வளவு?

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியமின் தகடுகளைப் பொருத்தி, மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம் கிடைக்கச் செய்வோம் என்று ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்தது. திட்டத்தின் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய தொகையைக் குடும்பமே ஏற்க வேண்டும். கையில் பணம் இல்லாதோர் வங்கிக் கடன் வாங்குகின்றனர். மின்கட்டணத்தில் மிச்சமாவதைக் கொண்டு தவணையைக் கட்டிவிடலாம் என்பதே அவர்களது கணக்கு. தகட்டின் மீது பொறித்துள்ள வாட் எண்ணுக்கும் மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கும் உள்ள இடைவெளியை அறியாவிடில் இக்கணக்கு பொய்த்துப் போகும்.

தகட்டில் எழுதியிருப்பது ஆய்வகத்தில் அளந்த உச்சத் திறன். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும். மின்கலத்தின் வெப்பம் 25 டிகிரியாக இருக்க வேண்டும். இவ்விரு நிலைகளும் ஒருசேர அமைவது நமது நாட்டுக் கூரைகளில் அரிது. ஒளி மிகுந்தால் கலமும் சுடும். சூட்டில் சிலிக்கான் கலத்தின் மின்னழுத்தம் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் ஏறத்தாழ 0.35 விழுக்காடு இழப்பாகிறது.

ராஜஸ்தானின் ஜோத்பூரில் மே மாத நண்பகலை எடுத்துக்கொள்வோம். காற்றின் வெப்பம் 42 டிகிரி, விழும் ஒளி 900 வாட் என்று கொண்டால், மூன்று கிலோவாட் அமைப்புக்கு உரியது 2700 வாட். ஆனால் காற்றைவிடக் கலம் சுமார் 28 டிகிரி கூடுதலாகச் சுட்டு, 70 டிகிரியை எட்டிவிடும். அந்த 45 டிகிரி மிகையால் ஏறக்குறைய 16 விழுக்காடு போய், 2270 வாட் எஞ்சுகிறது. பாலைநிலத்துப் புழுதி ஒளியில் 5 விழுக்காட்டை மறைத்தால் 2155. கம்பிகளிலும், தகடுகள் ஒன்றோடொன்று முழுதும் ஒவ்வாமையாலும் 3 விழுக்காடு போக 2090. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் 4 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 2000 வாட். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிட்டது. வெயில் கொளுத்தும் மே மாதத்தைவிட, குளிர்ச்சி நீங்காத தெளிந்த பிப்ரவரி, மார்ச் நண்பகலில் அதே தகடு கூடுதல் மின்சாரம் தருவது இதனால்தான்.

இது மோசடியன்று, இயற்பியல். ஆண்டுச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்பது இந்த இழப்புகளையெல்லாம் கழித்த வழக்கமான கணக்கு. அதன்படி மூன்று கிலோவாட் அமைப்பு மாதம் 360 யூனிட் தரும், வாக்குறுதி நிறைவேறும். ஆனால் வாரக்கணக்கில் துடைக்கப்படாத புழுதி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், காற்றோட்டத்துக்கு இடைவெளியின்றிக் கூரையோடு ஒட்டிப் பதித்த தகடு ஆகியவை சேர்ந்து அதை மூன்று யூனிட்டாக்கினால் மாதம் 270 யூனிட்தான். 300 என்ற சொல் அங்கே முறிகிறது. தவணையோ குறைவதில்லை.

இதைக் கண்டறியப் பொறியாளர் வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியைக் கிலோவாட்டாலும் நாட்களாலும் வகுத்தால் போதும். மழையும் மேகமும் இல்லாத மாதத்தில் விடை மூன்றுக்குக் கீழே இருந்தால் கோளாறு உண்டு என்று பொருள். தகடுகளைக் கழுவிய மறுநாள் உற்பத்தி சட்டென உயர்ந்தால் குற்றவாளி புழுதி; உயராவிடில் நிழலையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். சுடும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் விரிசல் காணக்கூடும். ஆகவே அதிகாலையில் கழுவுவதே முறை. உப்புநீர் காய்ந்தால் வெண்படலம் படியும்.

வீட்டுக்குப் பொருந்துவது நாட்டுக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் இந்தியாவின் சூரியமின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அது உச்சத் திறனின் கூட்டுத்தொகை. இரவையும் மேகத்தையும் இழப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. நிறுவிய மெகாவாட்டை மட்டும் அனல்மின் திறனோடு ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்வது பாதி உண்மை.

சூரியமின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. விற்பவர் கிலோவாட்டைச் சொல்கிறார். கடன் கட்டுபவருக்குத் தேவை யூனிட். எனவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அவ்வூர் வெயிலுக்கும் கூரைக்கும் ஏற்ற ஆண்டு யூனிட் அளவு எழுதப்பட வேண்டும்; பொருத்திய முறையின் பிழையால் அது குறைந்தால் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாதவரை, இடைவெளியின் முழுச் சுமையும் கூரைக்குக் கீழே வாழ்பவர் தலையிலேயே விழும்.