'விளங்கேல்லை' எண்டு சொல்லத் தெரியாத மெஷின்

vOitjPT. இது எங்கட ஊரின்ர பேர். எழுவைதீவு எண்டு பாமினி எழுத்துருவில ரைப் செய்து, அந்த எழுத்துரு இல்லாத ஒரு போனில திறந்தால் இப்பிடித்தான் தெரியும். அச்சகம், சங்கம், கந்தோர் எண்டு எங்கட பக்கத்தில இன்னும் கனபேர் பாமினியிலதான் அறிவித்தல் அடிக்கினம். அந்தக் கோப்பு வட்ஸ்அப்பில தீவுக்கு வரும்போது தமிழ் போய்விடுகிறது, கிறுக்கல் மட்டும் வந்து சேருகிறது.

இந்தக் கிறுக்கலை முன்னால வச்சுக்கொண்டு ஒரு நிரல் என்ன செய்யவேண்டும் என்பதுதான் எங்கட கேள்வி. பெரும்பாலான நிரல்கள் ஏதோ ஒரு பதிலைத் தந்துவிடுகின்றன. விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லும் நிரல்தான் எங்களுக்கு வேணும். ஏன் எண்டு சொல்லுறம்.

முதலில் பாமினி எப்படி வேலை செய்கிறது எண்டு பார்ப்பம். அது கணினியை ஒருவகையில் ஏமாற்றுகிற எழுத்துரு. கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. f இருக்கிற இடத்தில் க-வின் வடிவத்தையும், k இருக்கிற இடத்தில் ம-வின் வடிவத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். குற்றுக்கு அரைப்புள்ளி. அதனால் 'தமிழ்' என்பது கணினிக்கு jkpo; மட்டும்தான். யூனிக்கோட் வந்தபிறகு தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்கள் கிடைத்துவிட்டன. பாமினியில் அடித்த கோப்புக்கு அந்த எண்கள் கிடையாது. ஆகவே மாற்றி என்றொரு நிரல் தேவைப்படுகிறது. அதற்குள் இருப்பது ஒரு அட்டவணை, f வந்தால் க, k வந்தால் ம என்று.

சிக்கல் தொடங்குவதும் அந்த அட்டவணையில்தான். நாங்களே ஒரு அறிவித்தல் வரியை எழுதிப் பார்த்தோம். அடிப்பவர் இடையில் எழுத்துருவை மாற்றி ஊர்ப்பெயரை மட்டும் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

```
glF fhiy 6.30 kzpf;F Kayts ,y; ,Ue;J Gwg;gLk;.
```

அட்டவணையை மட்டும் நம்பும் மாற்றி இதை இப்படித் தரும்:

```
படகு காலை 6.30 மணிக்கு முயலவள இல் இருந்து புறப்படும்.
```

ஊர்காவற்றுறை 'முயலவள' ஆகிவிட்டது. K என்றால் மு, a என்றால் ய, y என்றால் ல, t என்றால் வ, s என்றால் ள. அட்டவணைப்படி ஒரு பிழையும் இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கு. ஆனால் தீவில் இருக்கிற ஒருவருக்குப் படகு எங்கிருந்து வெளிக்கிடும் என்பது சிரிக்கிற விசயம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கோ. Kayts என்று அப்படியே விட்டிருந்தால் எவரும் வாசித்து விளங்கியிருப்பினம். நிரல் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல மாற்றி, வாசகருக்கு விளங்கக்கூடிய ஒன்றையும் அழித்துப்போட்டுது.

சரி, தனக்கு விளங்கவில்லை என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? தமிழின்ர எழுத்திலக்கணம் இங்கே நல்லாக் கைகொடுக்கும். சொல்லுக்கு நடுவில் தனி 'அ' வராது. ண, ள, ழ, ற, ன தமிழ்ச் சொல்லுக்கு முதலில் நிற்காது. மாற்றிய சொல் இந்த விதிகளை மீறினால், அது பாமினியாக இருந்திருக்கச் சந்தர்ப்பம் குறைவு. ஆனால் 'முயலவள' எந்த விதியையும் மீறவில்லை! அங்கே அரைப்புள்ளியைப் பார்க்கவேண்டும். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வாக்கியம் அபூர்வம். மேலே இருக்கிற வரியில் மட்டும் ஐந்து அரைப்புள்ளி இருக்கு. ஆங்கிலச் சொல்லுக்குள் அரைப்புள்ளி வராது.

அதை மட்டும் நம்பினாலும் இடறும். glF, fhiy இரண்டிலும் அரைப்புள்ளி இல்லை, ஆனால் இரண்டும் படகும் காலையும்தான். ஆகவே அரைப்புள்ளி இல்லாத சொல்லை மாற்றிப் பார்த்து, ஒரு சொற்பட்டியலில் இருக்கா என்று தேடவேண்டும். படகு இருக்கும், காலை இருக்கும். முயலவள இராது. அப்போது நிரல் செய்யவேண்டியது இவ்வளவுதான்:

```
படகு காலை 6.30 மணிக்கு [Kayts?] இல் இருந்து புறப்படும்.
```

இதற்கு ஒரு விலை உண்டு. பட்டியலில் இல்லாத ஆட்பெயர், சின்ன ஊர்ப்பெயர் எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி விழும். 'இவ்வளவு கேள்விக்குறி போடுற நிரலை ஆர் பாவிப்பினம்' என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. அந்தக் கரைச்சல் உண்மைதான். ஆனாலும் கேள்விக்குறி இருக்கிற இடத்தில் வாசகர் நின்று பார்ப்பார். முயலவளவில் நிற்கிறவர் குறைவு, ஏதோ நமக்குத் தெரியாத சொல்லாக்கும் என்று கடந்துவிடுவார். மற்றது, தெரியாது என்று சொல்வது முழுக்கக் கைவிரிப்பது இல்லை. பாமினியிலும் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கும். அதனால் 6.30 என்பதை நிரல் உறுதியாகவே தரலாம். எது உறுதி, எது இல்லை என்று பிரித்துக் காட்டினால் போதும்.

அட்டவணை மாற்றியின் பிழையை எழுத்தெழுத்தாகத் திரும்பிப்போய்ப் பிடிக்கலாம். மொழிபெயர்ப்பு நிரல்களில் அதுவும் ஏலாது. 2018-ல் கூகுள் மொழிபெயர்ப்பில் மூலமொழி மவோரி என்று வைத்து, dog என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்தபோது, உலக முடிவு நெருங்குகிறது, இயேசு திரும்பி வருகிறார் என்கிற தோரணையில் ஆங்கில வசனம் வந்தது. செய்தித்தளங்களில் பெரிதாக அடிபட்ட கதை அது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. அப்படியான நிரல் தான் படித்த வாக்கியங்களைப்போல அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று கட்டிக்கொண்டு போகும். உள்ளே வந்தது குப்பையானால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை, அப்போது படித்த பாடமே வெளியில் வரும். சிறிய மொழிகளுக்குக் கிடைக்கிற இருமொழிப் பனுவல்களில் வேதாகமம் முக்கியமானது. அதனால்தான் அந்தத் தொனி வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்.

வாசிக்க அழகான, இலக்கணம் பிசகாத வசனம்தான் இதில் ஆபத்து. முயலவளவையாவது ஒருவர் சந்தேகிக்கலாம். 'படகு நாளை சேவையில் ஈடுபடாது' என்று சுத்தமான தமிழில் ஒன்று வந்தால் ஆர் சந்தேகிப்பினம்? பயணத்தை நிப்பாட்டிப்போட்டு வீட்டில இருப்பினம்.

ஒப்புக்கொள்ளுகிற நிரலைச் செய்யமுடியாது என்றும் இல்லை. பர்மியர்களுக்கும் எங்களைப்போல ஒரு தலையிடி இருந்தது. ஸோஜி என்ற பழைய எழுத்துருவும் யூனிக்கோடும் அங்கே கலந்து கிடந்தன. எது எது என்று கண்டறிய கூகுள் myanmar-tools என்ற நிரலை வெளியிட்டது. அது ஸோஜிதான் என்றோ யூனிக்கோட்தான் என்றோ அடித்துச் சொல்வதில்லை, 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண்ணைத் தரும். 1-க்குக் கிட்ட என்றால் ஸோஜி, 0-க்குக் கிட்ட என்றால் யூனிக்கோட், நடுவில் என்றால் தெளிவில்லை. கொடுத்ததில் பர்மிய எழுத்தே இல்லாவிட்டால் எதிர்மறை முடிவிலியைத் தரும். அதாவது, இந்தக் கேள்விக்கு என்னட்டைப் பதில் இல்லை. எங்களுக்கு அதில் பிடித்தது, இந்தப் பதிலை 0-க்குள்ளோ 1-க்குள்ளோ ஒளித்து வைக்காமல் அதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பதுதான்.

நீங்கள் பாவிக்கிற பாமினி மாற்றியைச் சோதிக்க இரண்டு சொல் போதும். முதலில் Delft என்று கொடுத்துப் பாருங்கோ. 'னுநடகவ' என்று வந்தால், ன-வில் சொல் தொடங்காது என்ற சின்ன விதிகூட அதற்குள் இல்லை. பிறகு Kayts கொடுங்கோ. அதில் நின்று கேள்வி கேட்டால், அந்த மாற்றியின் இணைப்பை எங்களுக்கும் அனுப்பிவிடுங்கோ.