நான்கு அருகில், இரண்டு தொலைவில்



அணைவுச் சேர்மங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, மேல்நிலை வகுப்பு மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "உலோக அயனியைச் சுற்றி ஆறு ஈனிகள் அமர்ந்தால் எண்முகி என்கிறீர்கள். Cu²⁺ வரும்போது மட்டும் 'உருக்குலைந்த எண்முகி' என்று எழுதுகிறீர்களே, ஏன்?" நல்ல கேள்வி. பாடநூல்கள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் முடித்துவிடுவதால், இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

நீங்கள் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்திருக்கக்கூடிய பொருளிலிருந்தே தொடங்குவோம். மயில்துத்தம். உரக்கடையில் கிடைப்பது, சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவை செய்யப் பயன்படுவது. வாய்பாடு CuSO₄·5H₂O. ஐந்து நீர் என்றதும் ஐந்தும் தாமிரத்தோடு ஒட்டியிருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எக்ஸ் கதிர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரமாகத் தாமிரத்தைச் சூழ்ந்திருக்கின்றன. அவற்றின் ஆக்சிஜன் ஏறக்குறைய 1.97 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கிறது. சதுரத்துக்கு மேலும் கீழும் இருப்பவை நீரே அல்ல, சல்பேட்டின் ஆக்சிஜன்கள். அவை ஏறக்குறைய 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கின்றன. ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பால் இடைவெளியில் தங்கியிருக்கிறது.

மேலும் கீழும் இருப்பது வேறு ஈனி என்பதால்தான் தொலைவு மாறுகிறதோ என்று கேட்கலாம். அப்படியானால் CuF₂ஐப் பாருங்கள். அங்கே ஆறு ஈனிகளும் புளூரைடுதான். ஆனாலும் நான்கு 1.93 ஆங்ஸ்ட்ராமிலும் இரண்டு 2.27 ஆங்ஸ்ட்ராமிலும் இருக்கின்றன. காரணம் தாமிரத்துக்குள்ளேயே இருக்கிறது.

Cu²⁺ அயனியின் d கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள். எண்முகிச் சூழலில் ஐந்து d ஆர்பிட்டால்களும் இரண்டு தொகுதிகளாகப் பிரியும் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே உள்ள மூன்றில் ஆறு எலக்ட்ரான்கள் நிரம்பிவிடுகின்றன. மேலே உள்ள இரண்டும், அதாவது dz², dx²−y² என்பவை, ஈனிகளை நேருக்கு நேர் நோக்கியிருப்பவை. dz² மேல், கீழ் ஈனிகளைப் பார்க்கிறது. dx²−y² சதுரத்தில் உள்ள நான்கைப் பார்க்கிறது. இந்த இரண்டில் நான்கு இடங்கள் உண்டு. இருப்பதோ மூன்று எலக்ட்ரான்கள். ஒன்றில் இரண்டு, மற்றொன்றில் ஒன்று. இந்தச் சமமின்மையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

இப்போது மேல், கீழ் ஈனிகள் இரண்டும் சற்றே விலகி, சதுரத்தில் உள்ள நான்கும் சற்றே நெருங்குவதாக வைத்துக்கொள்வோம். dz²-இல் உள்ள எலக்ட்ரானுக்கு விலக்கல் குறைகிறது. அதன் ஆற்றல் ஓர் அலகு இறங்கட்டும். dx²−y² அதே அளவு ஏறுகிறது. இறங்கிய இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள், ஏறிய இடத்தில் ஒன்று. கணக்குப் போட்டால் ஓர் அலகு மிச்சம். இதே கணக்கை Ni²⁺க்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு ஆர்பிட்டால்களிலும் ஒவ்வொன்று, மிச்சம் பூச்சியம். Zn²⁺க்கு இரண்டிலும் இரண்டிரண்டு, அங்கும் பூச்சியம். நிக்கலும் துத்தநாகமும் இந்த வகையில் உருக்குலைய வேண்டிய அவசியமே இல்லாமல் இருப்பதற்கும், இடையில் உள்ள தாமிரம் மட்டும் தனித்து நிற்பதற்கும் இதுவே காரணம். கீழ்த் தொகுதியும் இந்தச் சிதைவில் பிரியத்தான் செய்கிறது. ஆனால் அது முழுவதும் நிரம்பியிருப்பதால் அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

"பிணைப்புகளை இழுப்பதற்கும் நெருக்குவதற்கும் ஆற்றல் செலவாகுமே, அந்தச் செலவு இந்த மிச்சத்தை விழுங்கிவிடாதா?" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்; விஷயத்தின் உயிர்நாடியும் இதுவே. சிதைவின் அளவை x என்று கொள்வோம். எலக்ட்ரான்களால் வரும் லாபம் xக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. பிணைப்புகளை அசைக்கும் செலவோ xஇன் வர்க்கத்தில் வளர்கிறது. எளிமைக்காக இரண்டு கெழுக்களையும் ஒன்று என்றே வைப்போம். x 0.1 ஆனால் லாபம் 0.1, செலவு 0.01 மட்டுமே. x 0.5இல் லாபம் 0.5, செலவு 0.25, நிகர லாபம் உச்சம். x 1இல் லாபமும் செலவும் ஒன்றாகி மிச்சம் தீர்ந்துவிடுகிறது. ஆகச் சிறிய சிதைவுக்கு எப்போதுமே லாபம்தான் முந்திக்கொள்கிறது. அதனால் ஒழுங்கான எண்முகியில் Cu²⁺ நிலைத்து நிற்க முடியாது. எங்கே நிற்கும் என்பதைச் செலவு தீர்மானிக்கிறது. ஹெர்மான் யான், எட்வர்ட் டெல்லர் இருவரும் 1937இல் இதைப் பொதுத் தேற்றமாகவே நிறுவினார்கள்.

தேற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. உருக்குலைவு வந்தே தீரும் என்று அது சொல்கிறது. எந்தத் திசையில் என்று சொல்வதில்லை. மேல், கீழ் ஈனிகள் நெருங்கி, நான்கும் விலகினாலும் மேலே போட்ட கணக்கில் அதே ஓர் அலகு மிச்சமாகும். ஆனால் தாமிரத்தில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நாம் காண்பது நீட்சியே. பிணைப்பை நெருக்குவதை விட இழுப்பது எளிது என்பது ஒரு காரணம். நீண்ட அச்சில் dz² ஆர்பிட்டால் 4s ஆர்பிட்டாலோடு சிறிது கலந்து மேலும் தாழ்வது இன்னொன்று. இதைச் சொல்லாமல் "இரண்டு எலக்ட்ரான்கள் dz²-இல் இருப்பதால் நீள்கிறது" என்று மட்டும் எழுதினால் விளைவையே காரணமாக்கிவிடுகிறோம். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதை எப்படி உணரலாம்? எத்திலீன்டைஅமீன் என்ற ஈனிக்கு இரு முனைகள். அடுத்தடுத்த இரண்டு இடங்களைப் பிடிக்கும், எதிரெதிர் இடங்களை எட்டாது. நீரில் Cu²⁺ஓடு முதல் மூலக்கூறு சேரும் நிலைப்பு மாறிலி 10¹⁰ஐத் தாண்டுகிறது. இரண்டாவது ஏறக்குறைய 10⁹. மூன்றாவதோ ஒன்றுக்கும் கீழே, 0.1 அளவுக்குச் சரிந்துவிடுகிறது. நிக்கலில் மூன்றாவதும் 10⁴க்கு மேல் இருக்கிறது. தாமிரத்தில் முதல் இரண்டும் சதுரத்தை நிரப்பிவிட்டன. மிச்சம் இருப்பவை எதிரெதிரான, தொலைவான இரண்டு இடங்கள். மூன்றாவது உள்ளே வர வேண்டுமானால் முழு அமைப்பும் மாற வேண்டும்.

சில நேரம் எக்ஸ் கதிர் ஆய்வே நம்மை ஏமாற்றிவிடும். K₂Pb[Cu(NO₂)₆] படிகத்தில் அறை வெப்பநிலையில் ஆறு பிணைப்புகளும் சமமாகவே தெரியும். தேற்றம் பொய்த்துவிடவில்லை. மூன்று அச்சுகளில் எது நீள்வது என்பது மிக வேகமாக மாறிக்கொண்டே இருப்பதால், சராசரி மட்டும் பதிவாகிறது. 280 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தால் அந்தச் சமச்சீர் உடைந்துவிடும்.

இந்த மாதத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை. Cr²⁺ (உயர் சுழற்சி), Mn³⁺ (உயர் சுழற்சி), Co²⁺ (உயர் சுழற்சி) மூன்றுக்கும் மேல் தொகுதியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று எண்ணி, இதே மிச்சக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எவை வலுவாக உருக்குலையும், ஏன் என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். சரியான விடைகளை அடுத்த இதழில் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்