அம்மாவின் பகல் பொழுது

ஜார்ஜ்டவுனில் தனியாக வாழும் தாயிடம், கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் இரவில் தொலைபேசியில் பேசுகிறார்கள். கணவரை இழந்தவருக்குத் தனிமை கனப்பதோ பகலில்தான்.

அதற்கு உதவக்கூடியது சமூகநலத் துறையின் ‘பாவே’ எனும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம். 60 வயது நிறைந்தவர்கள் பகலில் சென்று உடற்பயிற்சி, கைவேலை, பேச்சு என்று பொழுதைக் கழித்து வீடு திரும்பலாம். இது முதியோர் இல்லம் அல்ல. அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெயர் பதிந்தால் மட்டும் போதாது. போய்வர வண்டியும் தமிழ் பேசும் துணையும் இல்லாவிட்டால் சில நாளில் நின்றுவிடுவார். எனவே பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நாள் பிள்ளைகளில் ஒருவர் விடுப்பெடுத்து உடன் செல்லுங்கள். நடக்க இயலாதவரென்றால், வீட்டுக்கே தொண்டர் வந்து பார்க்கும் திட்டம் பற்றி அத்துறையிடம் கேளுங்கள்.

“நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொல்லி வந்தவர், “இன்னிக்கு அவங்க வரலையே” என்று குறைப்பட்டால், பலன் தெரிகிறது என்று பொருள்.