காபி குடித்த வயிறு வெறும் வயிறா?

தைராய்டு மாத்திரையை 'வெறும் வயிற்றில்' போடச் சொல்லி சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு சொற்கள் நம் ஊருக்குப் போதாது என்பது என் கருத்து. போதாததால் என் வீட்டில் ஒரு வருடம் வீணாகப் போனது. அதைச் சொல்லிவிட்டு என் வாதத்துக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு வயது 68. பதினொரு வருடமாக லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறாள். வருடத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுப்போம். டி.எஸ்.எச். இரண்டு, இரண்டரை என்று வரும். டாக்டர் பார்த்துவிட்டு "அதையே போடுங்கம்மா" என்பார். அவ்வளவுதான்.

டி.எஸ்.எச். என்பதைப் புரிந்துகொள்ள என் பழைய ஆபீஸ் வழக்கம் உதவும். மேலிடத்திலிருந்து கீழ் அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் வருமே, அது மாதிரி. தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "ஹார்மோன் குறைகிறது, அனுப்பு" என்று தைராய்டுக்கு எழுதும் கடிதம் அது. வேலை ஒழுங்காக நடந்தால் கடிதம் குறையும். நடக்காவிட்டால் கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். அதனால்தான் ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறுகிறது, ஹார்மோன் மிஞ்சினால் இறங்குகிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவளுக்கு முழங்கால் வலி ஆரம்பித்தது. எலும்பு தேய்கிறது என்று கால்சியம் 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். மறக்காமல் இருக்கட்டும் என்று இரண்டு டப்பாவையும் சமையலறை அலமாரியில் ஒன்றாக வைத்தாள். விடியற்காலை இரண்டையும் ஒன்றாகவே விழுங்கினாள். மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். 7.9. உடம்பு அசதி, முகம் ஊதல், மலச்சிக்கல். வயசாகிறது என்று நாங்கள் விட்டுவிட்டோம். டாக்டர் மாத்திரையை 100 ஆக்கினார். அடுத்த சோதனையில் 5.8. பிறகு 125 ஆக்கினார். டி.எஸ்.எச். இறங்கியது, எங்களுக்கும் நிம்மதி.

அப்புறம் அவள் புதுச்சேரியில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தாள். கால்சியம் டப்பாவை இங்கேயே மறந்து வைத்துவிட்டாள். மகள் வேலைக்குப் போகிறவள். காலை ஐந்தரைக்கு அம்மாவை எழுப்பி ஒரு டம்ளர் தண்ணீரோடு தைராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடுவாள். பால்காரர் வந்து, பால் காய்ந்து, காபி கைக்கு வர ஏழு மணி ஆகும். ஆறாவது வாரம் போன் வந்தது. "அம்மாவுக்கு நெஞ்சு படபடங்குதுப்பா, கை நடுங்குது, ராத்திரி தூக்கமே இல்லை." அங்கே ரத்தம் பார்த்ததில் டி.எஸ்.எச். 0.08. ஹார்மோன் வழிந்து நிற்கிறது என்று அர்த்தம். எங்கள் வயதில் இது விளையாட்டில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பலாம், எலும்பும் தேயும். எலும்புக்காகத் தின்ற கால்சியம் சுற்றி வந்து எலும்பையே கரைக்கப் பார்த்தது.

அங்கிருந்த டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊர்ல இந்த மாத்திரையை எதோட சேர்த்துப் போட்டீங்க?" ஒரு வருடமாக எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நாங்களும் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். இந்த மாத்திரை நல்ல நிலையிலேயே முழுதாக உடம்பில் சேர்வதில்லை. விழுங்கியதில் அறுபதிலிருந்து எண்பது சதவீதம்தான் சிறுகுடல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. அளவோ மைக்ரோகிராம் கணக்கு, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கால்சியம் மாத்திரையோ அரை கிராம். வயிற்றில் இரண்டும் சந்தித்தால் மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அமெரிக்காவில் இதைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இருபது பேருக்கு மூன்று மாதம் கால்சியம் கார்பனேட்டைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். டி.எஸ்.எச். ஏறியது. கால்சியத்தை நிறுத்தியதும் இறங்கியது.

இரும்புச் சத்து இன்னும் மோசம். 1992-இல் வந்த ஓர் ஆய்வில், தைராக்சினையும் இரும்பையும் சோதனைக் குழாயில் கலந்தபோது ஊதா நிறத்தில் எளிதில் கரையாத ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியவே உண்டானதாம். பட்டறையில் சாயம் நூலைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடித்தால் விடாது.

காபியைப் பற்றி நன்றாகத் தெரியவந்தது இத்தாலியில், சிசிலித் தீவின் மெசினா நகரில். பென்வெங்கா என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 2008-இல் எழுதினார்கள். மாத்திரை அளவு சரியாக இருந்தும் சிலருக்கு டி.எஸ்.எச். இறங்கவில்லை. விசாரித்தால் எல்லோரும் எஸ்பிரெஸோவோடு மாத்திரையை விழுங்குகிறவர்கள். அதே மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, காபியை ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னதும் சரியாயிற்று. அவர்கள் காபியில் பால் இல்லை. நம்முடையதில் டிக்காஷனோடு பாலும் உண்டு, பாலில் கால்சியமும் உண்டு.

இங்கேதான் என் சண்டை அந்த 'வெறும் வயிறு' என்ற சொல்லோடு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் காலை உணவை 'பெத்தி தேழெனே' என்பார்கள். 'ழேன்' என்றால் உண்ணாமல் இருப்பது, 'தேழெனே' என்றால் அதை முடித்துக்கொள்வது. ஆகவே காலையில் வாயில் வைக்கும் முதல் காபியே அதில் அடங்கிவிடும். நம் தமிழில் அப்படி இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இன்னும் இல்லை, காபிதான் குடிச்சேன்" என்போம். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்று பிள்ளையைத் திட்டுவோம். நம் கணக்கில் இட்லி இறங்கும் வரை வயிறு வெறும் வயிறுதான். டாக்டர் வெறும் வயிறு என்றார், என் மனைவி வெறும் வயிற்றில்தான் போட்டாள், கையில் காபி டம்ளரோடு.

அப்படியானால் முதல் பத்து வருடம் எப்படிச் சரியாக இருந்தது? இது எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிறகு அவளே கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் எழுந்து, முகம் கழுவி, தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவாள். சாணம் தெளித்து, பெருக்கி, கோலம் போட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் அடுப்பு பற்ற வைப்பாள். அந்தக் கோலம்தான் யாருக்கும் தெரியாமல் கடிகாரமாக இருந்திருக்கிறது. முழங்கால் வலி வந்ததும் கோலத்தை மருமகள் எடுத்துக்கொண்டாள். இவளுக்கு உட்கார்ந்த இடத்தில் காபி வந்தது. இடைவெளி போயிற்று, கூடவே கால்சியமும் சேர்ந்தது.

ஆகவே சீட்டில் எழுத வேண்டியது இதுதான்: 'விடியற்காலை தண்ணீரில் மட்டும். காபி, டீ, பால் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு நான்கு மணி நேரம் கழித்து.' மூன்று வரி. இரண்டாவதாக, அளவு ஏற்றுவதற்கு முன், 'எதோடு போடுகிறீர்கள், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது' என்று கேட்க வேண்டும். டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம். எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசை மேல் வைப்பது இன்னும் நல்லது.

ஒரு நண்பர் மறுத்தார். "தினமும் காபியோடயே போட்டா உடம்பு பழகிடும், அதுக்குத் தக்கபடி அளவை வெச்சுக்கலாமே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்றைய டிக்காஷனும் இன்றைய டிக்காஷனும் ஒன்றா? கல்யாண வீட்டிலும் மகள் வீட்டிலும் அதே நேரத்துக்குக் காபி வருமா? கால்சியம் தீர்ந்துபோன மாதம் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

காலைக் காபியைத் தள்ள முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நெதர்லாந்தில் சுமார் தொண்ணூறு பேரிடம் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். மூன்று மாதம் காலையில், மூன்று மாதம் இரவு படுக்கும்போது. எது நிஜம், எது வெறும் மாவு என்று தெரியாதபடி இரண்டு வேளையும் ஒவ்வொரு மாத்திரை. படுக்கும்போது போட்டபோதுதான் டி.எஸ்.எச். இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதுக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிறவர்களுக்கு இது ஆகாது. இரவில் கால்சியம் போடுகிறவர்களுக்கும் ஆகாது.

எங்கள் தெருவில் தறி நெய்கிற குடும்பம் ஒன்றில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியமும் தருகிறார்கள், இரண்டும் அவசியம். அவளுக்குத் தைராய்டும் உண்டு. மூன்றையும் காலை டிபனோடு முடித்துக்கொண்டிருந்தாள். கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரையின் தேவையே கூடும், அதனால் டி.எஸ்.எச். ஏறினால் எல்லாப் பழியையும் இரும்பு மேல் போட முடியாது. ஆனாலும் இந்தக் குழப்பத்தை வைத்துக்கொண்டு எது எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. என் மனைவி அவளை நர்ஸிடம் அழைத்துப் போனாள். காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் கால்சியம், மாலை ஐந்துக்கு இரும்பு என்று நர்ஸம்மா பிரித்துக் கொடுத்தார். இரும்பும் கால்சியமும்கூட ஒன்றுக்கொன்று ஆகாதாம். மாலை டீயை மட்டும் இரும்பிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு யாரும் அளவை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். நேரத்தைத் திருத்துங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள். இந்த மருந்தில் பாதி கழியவே ஒரு வாரம் ஆகும். அதனால் பத்து நாளில் பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியாது. முன்பு அளவு ஏற்றியவர்கள் நேரத்தைத் திருத்திய பிறகு இதை விடவே கூடாது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

என் மனைவி மறுபடி 75-க்கு வந்துவிட்டாள். டி.எஸ்.எச். 2.4. தைராய்டு டப்பா இப்போது படுக்கைக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் செம்போடு. கால்சியம் சாப்பாட்டு மேசையில். காபி ஆறரைக்கு. எனக்குத் தைராய்டு இல்லை, இருந்தாலும் எனக்கும் ஆறரைக்குத்தான். தனியாக இரண்டு தடவை பால் காய்ச்ச முடியாது என்று மருமகள் சொல்லிவிட்டாள்.