பொன் விகிதக் கோடுகளும் விலை திரும்பும் இடமும்

ஏறுமுகத்தில் உள்ள ஒரு பங்கின் விலை இடையில் பின்வாங்கும்போது, முந்தைய ஏற்றத்தில் 38.2, 50 அல்லது 61.8 விழுக்காட்டை இழந்த இடத்தில் அது நின்று மீண்டும் ஏறத் தொடங்கும் என்றும், ஆகவே அந்த இடங்களில் வாங்கினால் போதும் என்றும் பங்கு வர்த்தகம் கற்பிப்போரிடையே ஒரு கூற்று பரவலாக நிலவுகிறது. ஏற்றம் தொடங்கிய அடியிலிருந்து அது முடிந்த உச்சி வரை ஓர் அளவுகோலை நீட்டி, அந்தத் தொலைவைக் குறிப்பிட்ட விகிதங்களில் வெட்டும் இக்கோடுகளே ஃபிபொனாச்சி ரீட்ரேஸ்மென்ட் எனப்படுகின்றன. விலை எங்கே நிற்கக்கூடும் என்பதைத் தேடும் இடத்தை இவை காட்டும் என்பதில் பிழையில்லை. ஆனால் அங்கே நிற்பதற்கான காரணத்தையும் இவையே தரும் என்று கொள்வதுதான் மறுக்கப்பட வேண்டியது.

இக்கூற்றுக்கு முதலில் தரப்படும் ஆதரவு, 0.618 என்பது இயற்கையின் விகிதம், சந்தையும் மனித இயற்கையின் வெளிப்பாடு என்பதாகும். ஃபிபொனாச்சி எனப்படும் பீசா நகரத்து லியோனார்டோ 1202இல் எழுதிய நூலில் முயல்களின் பெருக்கத்தைப் பற்றிய கணக்காக இடம்பெற்றதும் 0.618ஐத் தருவதுமான எண்தொடருக்கும் பங்கு விலைக்கும் அவர் எந்தத் தொடர்பையும் கூறவில்லை. அத்தொடரைச் சந்தை அலைகளோடு பிணைத்தவர்களுள் முதன்மையானவர் 1930களில் எழுதிய அமெரிக்கர் ரால்ஃப் நெல்சன் எலியட். மேலும், கோடுகளின் பட்டியலே ஒரே விதியிலிருந்து பிறந்ததன்று. 0.618ஐ அதனாலேயே பெருக்கினால் 0.382 வருகிறது, மீண்டும் ஒருமுறை பெருக்கினால் 0.236 வருகிறது, 0.786 என்பதோ அதன் வர்க்கமூலம். எல்லோரும் பெரிதும் நம்பும் 50 விழுக்காடு பொன் விகிதத்திலிருந்து வருவதே இல்லை, ஏற்றத்தில் பாதியை விலை திரும்பக் கொடுப்பதுண்டு என்ற பழைய சந்தை வழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. பொருந்தாத எண்ணையும் சேர்த்துக்கொள்ளும் பட்டியலை இயற்கை விதி என்பது தாராளமான சொல்லாட்சி.

இதைவிட வலுவாகத் தோன்றுவது, பழைய சார்ட்டுகளில் விலை இக்கோடுகளில் திரும்பியதைக் கண்ணாலேயே காணலாம் என்ற வாதம். நிஃப்டி 50 குறியீட்டின் அண்மை வரலாறே இதைச் சோதிக்கப் போதுமானது. 2020 மார்ச் 24 அன்று 7,511 புள்ளிகள் வரை சரிந்த நிஃப்டி, 2021 அக்டோபர் 19 அன்று 18,604ஐத் தொட்டுப் பின்வாங்கி, 2022 ஜூன் 17 அன்று 15,183இல் அடிகண்டது. 7,511இலிருந்து அளந்தால் 23.6 விழுக்காட்டுக் கோடு சுமார் 15,986இலும் 38.2 விழுக்காட்டுக் கோடு சுமார் 14,367இலும் விழுகின்றன. ஆக, ஜூன் மாத அடி இரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 31 விழுக்காட்டில், எந்தக் கோட்டையும் சாராமல் நிற்கிறது. அதே அடியை 2021 ஏப்ரல் 22இன் தாழ்நிலையான 14,151இலிருந்து அளந்தால், 78.6 விழுக்காட்டுக் கோடு சுமார் 15,104இல் வந்து, விலை அதற்கு 80 புள்ளிகள் மேலே கச்சிதமாகத் திரும்பியதுபோலத் தெரிகிறது. எந்த அடியிலிருந்து அளப்பது என்பதை விலை திரும்பிய பிறகு தேர்ந்தெடுக்க முடிகிற வரை, இக்கருவி தோற்றதாக ஒருபோதும் காட்ட முடியாது. வாங்குபவருக்கோ அந்தத் தேர்வு முன்கூட்டியே தேவைப்படுகிறது. இரண்டாவது அளவில் 61.8 விழுக்காட்டை, அதாவது சுமார் 15,852ஐ, நம்பி வாங்கியவர் அடிகாணுமுன் 650 புள்ளிகளுக்கு மேல் இறக்கத்தைத் தாங்கியிருக்க வேண்டும்.

கோடுகளின் நெருக்கமும் கண்ணை ஏமாற்றுகிறது. வழக்கமான ஐந்து கோடுகள் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஏற்றத்தின் 2.5 விழுக்காடு இடத்தை ‘தொட்டதாக’ ஏற்றுக்கொண்டால், பின்வாங்கல் பெரும்பாலும் முடியும் 20 முதல் 82 விழுக்காடு வரையிலான பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை அவையே மூடிவிடுகின்றன. விலை எங்கு வேண்டுமானாலும் தற்செயலாகத் திரும்பினாலும், ஐந்தில் இரண்டு முறை ஏதோ ஒரு கோட்டின் அருகில்தான் திரும்பும்.

கோடுகளுக்கு உள்ளார்ந்த ஆற்றல் இல்லாவிட்டாலும், பலரும் பார்ப்பதால் அவை பலிக்கின்றன என்பது கடைசிப் பிடி. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் ஒரே சார்ட்டில் நாள், வார, மாத அளவுகளில் வெவ்வேறு அடிகளிலிருந்து வெவ்வேறு கோடுகள் வரையப்படுவதால் பார்வையாளர்களின் பணம் ஒரே விலையில் குவிவது அரிது. குவிந்தாலும், நட்டத்தை வரம்புக்குள் நிறுத்த அவர்கள் இடும் ஸ்டாப் லாஸ் ஆணைகளும் கோட்டுக்குச் சற்றுக் கீழே குவிந்து, விலை அங்கே இறங்கியதும் சரிவை விரைவுபடுத்துகின்றன.

ஆகவே, கன்ஃப்ளூயன்ஸ், அதாவது ஒன்றையொன்று சாராத பல சான்றுகள் ஒரே விலைப்பகுதியில் கூடுவது, அலங்காரச் சேர்க்கையன்று. வாங்குவதற்கான காரணம் அதுவேயாகும். சாராமை என்பது இங்கு முக்கியம். ஒரே ஏற்றத்தின் மீது இரண்டு ஃபிபொனாச்சி அளவுகளை அடுக்குவது ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். முன்பு பெருமளவில் கைமாறிய விலைப்பகுதி வேறு வகைச் சான்று. 2022 ஜூன் அடிக்கும் அத்தகைய சான்று இருந்தது: 2021 பிப்ரவரி 16இன் உச்சியான 15,431, மே இறுதி வரை மூன்று மாதங்களுக்கு மேல் நிஃப்டியைத் தடுத்த கூரை. கடக்கப்பட்ட கூரை பிறகு தரையாகும் என்ற எதிர்பார்ப்பு, எந்த அடியிலிருந்து அளப்பது என்ற தேர்வைச் சாராதது. அதுவும்கூட ஒற்றைக் கோடாக இல்லாமல் சுமார் 250 புள்ளி அகலமுள்ள பகுதியாகவே செயல்பட்டது.

வேறுபாட்டைக் கணக்கில் காண, 400 ரூபாயிலிருந்து 500க்கு ஏறிய ஒரு பங்கைக் கற்பனையாகக் கொள்ளலாம். 38.2 விழுக்காட்டுக் கோடு 461.80இலும், 50 விழுக்காடு 450இலும், 61.8 விழுக்காடு 438.20இலும் அமையும். ஏற்றத்துக்கு முன் அப்பங்கு பல வாரங்கள் 438க்கும் 444க்கும் இடையே தடைபட்டுக் கிடந்தது, ஏறுமுகமான 50 நாள் நகரும் சராசரி இப்போது 441இல் உள்ளது, பின்வாங்கும் நாள்களில் வால்யூம் குறைந்துகொண்டே வருகிறது எனில், மேலுள்ள இரு கோடுகளிலும் வாங்கக் காரணமில்லை, 461.80இல் வாங்கி 453இல் ஸ்டாப் வைத்தவர் நட்டத்தோடு வெளியேறியிருப்பார். விலை 437 வரை இறங்கி, மறுநாள் கூடுதல் வால்யூமோடு முந்தைய நாளின் உச்சியைத் தாண்டி 446இல் முடிந்த பின் வாங்குபவர், 438இல் வாங்கியிருப்பவரைவிட எட்டு ரூபாய் அதிகம் தருகிறார். அந்த எட்டு ரூபாய், பகுதி உடைந்துவிடவில்லை என்று தெரிந்துகொண்டதன் விலை. ஸ்டாப்பை எல்லோரும் வைக்கும் 438ஐ ஒட்டிக் கீழே வைக்காமல், பின்வாங்கலின் அடிக்கும் கீழே 433இல் வைத்தால் அபாயம் 13 ரூபாய், பழைய உச்சி வரை வாய்ப்பு 54 ரூபாய்.

இந்தக் கணக்கில் ஃபிபொனாச்சி கோட்டை அழித்துவிட்டாலும் வாங்கும் முடிவு அப்படியே நிற்கிறது. மற்ற சான்றுகளை அழித்துக் கோட்டை மட்டும் வைத்தால் நிற்பதில்லை. கோடு செய்தது, விலை இறங்கத் தொடங்கும்போதே எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும், அங்கே வாங்கினால் அபாயத்துக்கு எத்தனை மடங்கு வாய்ப்பு என்பதை முன்கூட்டி அளந்து வைத்ததுதான். ஆனாலும், காலாண்டு முடிவு வெளியான மறுநாள் காலை அப்பங்கு 425இல் இடைவெளியோடு திறந்தால், 433இல் இடப்பட்ட ஸ்டாப் 425ஐ ஒட்டியே நிறைவேறி, 13 ரூபாய் என்று கணக்கிட்ட நட்டம் 21 ரூபாயாகிவிடும். எத்தனை சான்றுகள் கூடியிருந்தாலும் இதைத் தடுக்க வழியில்லை என்பதால், முடிவு வெளியாகும் தேதி நெருங்கியிருக்கும் பின்வாங்கல்களில் வாங்கும் அளவைக் குறைப்பது அல்லது தவிர்ப்பதே வழக்கம்.